இடது கைக்கு என்ன வேலை?

என் அக்கா மகனுக்குப் பல்லாவரத்தில் வீடு, துரைப்பாக்கத்தில் வேலை. ரேடியல் ரோடு வழியாகக் கீழ்க்கட்டளை, கோவிலம்பாக்கம், பள்ளிக்கரணை தாண்டிப் போனால் வீட்டு வாசலிலிருந்து அலுவலக வாசல் வரை பன்னிரண்டு கிலோமீட்டர். இரண்டு வருடம் பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் போய்ப் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வந்தான். வண்டி வாங்கப் போகிறான். கையில் மூன்று யோசனைகள். ஒன்று, எல்லோரும் வாங்குகிற கியர் இல்லாத ஸ்கூட்டர். இரண்டு, நூறு சிசி பைக். மூன்றாவதைச் சொல்லும்போது மட்டும் அவன் முகம் மலர்ந்தது.

"மாமா, கும்பகோணத்துல தாத்தா சேத்தக் சும்மாதானே கிடக்கு? அதை ரெடி பண்ணி ஓட்டினா என்ன?"

அவன் தாத்தா என்றால் என் அப்பா. 1996-இல் அவர் வாங்கிய அந்தச் சேத்தக்கில்தான் நான் வண்டி ஓட்டவே கற்றேன். எனவே இந்த விஷயத்தில் நான் நடுநிலையானவன் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் அவனிடம் நான் கேட்ட முதல் கேள்வி சேத்தக்கைப் பற்றியதல்ல. "ஒரு நாளைக்கு எத்தனை தடவை நிக்கிறே?"

வண்டி வாங்கப் போகிறவர்கள் மைலேஜ், விலை, கலர், அப்புறம் டிக்கியில் ஹெல்மெட் நுழையுமா என்று பார்ப்பார்கள். எல்லாம் பார்க்க வேண்டியவைதான். ஆனால் இந்த மூன்று ரக வண்டிகளும் உண்மையில் வேறுபடுவது ஒரே இடத்தில். உங்கள் இடது கைக்கு வண்டி என்ன வேலை கொடுக்கிறது என்பதில்.

கியர் இல்லாத ஸ்கூட்டரில் இடது கைக்குப் பின் பிரேக் ஒன்றுதான் வேலை. பைக்கில் இடது கை கிளட்சைப் பிடிக்கிறது, இடது கால் கியர் மாற்றுகிறது. பழைய கியர் ஸ்கூட்டரில் இரண்டு வேலையும் இடது கையின் தலையில்தான்: விரல்களால் கிளட்சை இழுத்துப் பிடித்தபடியே, மணிக்கட்டைத் திருப்பிக் கைப்பிடியையும் சேர்த்துச் சுழற்றினால்தான் கியர் விழும்.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். பைக் ஒரு சிக்னலில் நிற்கிறது. கிளம்பும்போது முதல் கியருக்கு ஒரு கிளட்ச், இரண்டாவதுக்கு ஒன்று, மூன்றாவதுக்கு ஒன்று. அதற்குள் முன்னால் பஸ் பிரேக் போடுகிறது. இரண்டாவதுக்கு இறங்க ஒன்று, நிறுத்தி நியூட்ரலுக்கு வர ஒன்று. ஒருமுறை நின்று கிளம்பி மறுபடி நிற்பதற்கு ஐந்து தடவை கிளட்ச். காலை ஒன்பது மணிக்குப் பல்லாவரத்திலிருந்து துரைப்பாக்கம் போவதற்குள் இருபத்தைந்து இடத்திலாவது நிற்க வேண்டியிருக்கிறது என்றான் அவன். அப்படியானால் போக 125, வர 125, ஒரு நாளைக்கு 250 தடவை. மாதம் இருபத்தைந்து நாள் வேலை என்றால் ஆறாயிரத்துக்கு மேல். ஆஃப் கிளட்சில் அங்குலம் அங்குலமாக நகர்கிற நேரத்தை இதில் சேர்க்கவில்லை. கையை உண்மையில் களைக்க வைப்பது அந்த நேரம்தான்.

இதே பன்னிரண்டு கிலோமீட்டரில் நான்கே இடத்தில் நிற்க வேண்டிய ஊராக இருந்தால் கணக்கே மாறிவிடும். அங்கே கிளட்ச் ஒரு சுமையே இல்லை. அதனால்தான் ஊர்ப்புறத்தில் பைக்கும் நகரத்துக்குள் ஸ்கூட்டரும் அதிகம் கண்ணில் படுகின்றன. இதை ஆண் வண்டி, பெண் வண்டி என்று பிரித்துப் பேசுபவர்கள் ரேடியல் ரோட்டில் காலை ஒன்பது மணிக்கு ஒரு வாரம் பைக் ஓட்டிப் பார்க்கலாம்.

கியர் இல்லாத ஸ்கூட்டரில் கியர் எங்கே போனது? போகவில்லை. வண்டியின் இடது பக்கம், பின் சக்கரத்துக்கு முன்னால் நீளமாக ஒரு பெட்டி இருக்கிறதே, அதற்குள் இருக்கிறது. முன்பக்கம் ஒரு கப்பி, பின்பக்கம் ஒரு கப்பி, இரண்டையும் சுற்றி ஒரு ரப்பர் பெல்ட். முன் கப்பிக்குள் ஆறு சின்ன உருளைகள் இருக்கும். இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது இந்த உருளைகள் வெளிப்பக்கம் ஒதுங்கி, கப்பியின் இரண்டு தட்டுகளையும் நெருக்கும். தட்டுகள் நெருங்க நெருங்க பெல்ட் கப்பியின் விளிம்பை நோக்கி ஏறும், அதே நேரம் பின் கப்பியில் உள்ளே இறங்கும். சைக்கிளில் பற்சக்கரம் மாற்றுகிற வேலையை இங்கே பெல்ட் வழுக்கிக்கொண்டே செய்கிறது. படிகள் கிடையாது, சரிவுப்பாதை மட்டும். கடைசியில், பின் கப்பியோடு ஒரு கிளட்ச். இன்ஜின் மெதுவாக ஓடும்போது அது சக்கரத்தை விட்டுவிடும். ஆக்ஸிலேட்டரைத் திருகினால் அதன் கட்டைகள் விரிந்து, வெளியே உள்ள கிண்ணத்தைப் பிடித்துக்கொள்ளும். நம் கை செய்த வேலையைச் சுழற்சி செய்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் சும்மா வரும் சுகம் எதுவும் இல்லை. பெல்ட் வழுக்குவதில் கொஞ்சம் சக்தி சூடாக வீணாகிறது. நகரத்துக்குள் நூற்றுப்பத்து சிசி ஸ்கூட்டர் லிட்டருக்கு 43 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம், நூறு சிசி பைக் 58 கொடுக்கும். என் மருமகனுக்குப் போக வர 24 கிலோமீட்டர், மாதம் 600. ஸ்கூட்டருக்கு 14 லிட்டர் வேண்டும், பைக்குக்குப் பத்தரைக்குள் முடிந்துவிடும். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் என்றால் மாதம் 350-லிருந்து 400 ரூபாய் வரை வித்தியாசம். வருடத்துக்கு நாலாயிரத்துச் சொச்சம். பெரிய தொகையா சின்னத் தொகையா என்பது அவரவர் பாடு. ஆறாயிரம் தடவை கிளட்ச் பிடிக்காமல் இருப்பதற்கு மாதம் 400 ரூபாய் கூலி என்று நினைத்தால் எனக்கு அது மலிவாகத்தான் படுகிறது. நாள் முழுக்க வண்டியிலேயே அலைந்து, மாதம் இரண்டாயிரம், மூவாயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிற விற்பனைப் பிரதிநிதிக்கு இந்த வித்தியாசம் ஆயிரத்திருநூறு, ஆயிரத்தெண்ணூறு என்று ஏறிவிடும். அவர் பைக்கைத் தேர்ந்தெடுப்பதில் நியாயம் இருக்கிறது. டேங்கும் அவருக்குச் சாதகம். ஆக்டிவாவின் டேங்க் ஐந்தேகால் லிட்டர்தான், ஸ்பிளெண்டரில் கிட்டத்தட்ட பத்து லிட்டர் பிடிக்கும்.

பெல்ட்டுக்கும் ஆயுசு உண்டு. இருபதாயிரம் கிலோமீட்டரைத் தாண்டியதும் அதைக் கழற்றிப் பார்க்கச் சொல்ல வேண்டும். தேய ஆரம்பித்தால் வண்டியே சொல்லும். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது ஒரு நடுக்கம் வரும். ஆக்ஸிலேட்டரைத் திருகினால் சத்தம் கூடும், வேகம் கூடாது. முன்பு எண்பதைத் தொட்ட வண்டி அறுபத்தைந்திலேயே மூச்சு வாங்கும். இதையெல்லாம் "பிக்கப் கொஞ்சம் டவுன்" என்று சொல்லி ஓட்டிக்கொண்டே இருந்தால் ஒருநாள் பெல்ட் அறுந்துவிடும். இன்ஜின் ஓடும், சக்கரம் நகராது. தள்ளிக்கொண்டு போவதைத் தவிர வேறு வழி கிடையாது. பெல்ட்டையும் உருளைகளையும் சேர்த்து மாற்ற, வேலைக் கூலியோடு சில ஆயிரம் ஆகும். பைக்கில் இதற்கு இணை செயின் செட். அதை மாற்றும் செலவு குறைவு, ஆனால் இடையில் வேலை அதிகம். ஐந்நூறு, அறுநூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் போட வேண்டும், தொய்வு பார்க்க வேண்டும். பல் சக்கரத்தின் பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கொக்கி மாதிரி தெரிந்தால் செட்டையே மாற்ற வேண்டியதுதான். மழைத் தண்ணீரில் நனைந்து துருப்பிடித்த செயினை அப்படியே ஓட்டுகிறவர்கள்தான் நம்மில் பாதிப் பேர்.

மழை என்றதும் சென்னைக்காரர்களுக்கு வேறு ஒன்று ஞாபகம் வரும். முழங்கால் தண்ணீரில் எது போகும்? எதையும் ஓட்டாமல் இருப்பதே நல்லது. ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. அந்தப் பெல்ட் பெட்டிக்குள் சூடு தணியக் காற்றுப் போகும் வழி இருக்கிறது. அதன் வழியே தண்ணீர் புகுந்தால் பெல்ட் வழுக்கும், இன்ஜின் உறும உறும வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். பைக்கின் செயினுக்குத் தண்ணீர் பட்டு வண்டி நிற்பதில்லை.

இனிச் சக்கரத்துக்கு வருகிறேன். ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்களின் இடுப்பு வலிக்குக் காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

ஆக்டிவாவின் பின் சக்கரத்தில் பத்து அங்குல ரிம். டயரையும் சேர்த்தால் சக்கரத்தின் குறுக்களவு ஏறக்குறைய 43 சென்டிமீட்டர். ஸ்பிளெண்டருக்குப் பதினெட்டு அங்குல ரிம், டயரோடு 60 சென்டிமீட்டர். ரோட்டில் 30 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு பள்ளம் இருக்கிறது, மெட்ரோ வேலைக்குத் தோண்டி மூடியது என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டக் கணக்குப் போட்டுப் பார்த்தால், பைக்கின் சக்கரம் அதில் 4 சென்டிமீட்டர் இறங்கும், ஸ்கூட்டரின் பின் சக்கரம் 6 சென்டிமீட்டர் இறங்கும். அதே பள்ளம், ஒன்றரை மடங்கு ஆழம். ஏறும்போதும் சின்னச் சக்கரம் பள்ளத்தின் விளிம்பில் செங்குத்தாகப் போய் மோதுகிறது.

இதோடு முடியவில்லை. பைக்கில் இன்ஜின் சட்டத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. பள்ளத்தில் ஏறி இறங்குவது சக்கரமும் அதைத் தாங்கும் கையும்தான். ஸ்கூட்டரில் இன்ஜினும் சக்கரமும் ஒரே கட்டு. சக்கரம் குதிக்கும்போது இன்ஜினும் சேர்ந்து குதிக்கும். அவ்வளவு எடை மேலும் கீழும் ஆடுவதை ஒரு ஷாக் அப்சார்பர் எப்படித்தான் அடக்கும்? அதன் மிச்சம் நேராக முதுகெலும்புக்கு வருகிறது. எனவே நீங்கள் தினம் போகும் ரோடு பள்ளமும் மேடுமாக இருந்து, இடையில் நிற்கிற இடங்கள் குறைவாக இருந்தால், பைக் பக்கம் தராசு சாயும். முன் சக்கரம் பன்னிரண்டு அங்குலமாக உள்ள ஸ்கூட்டர்கள் முன்பக்கத்தில் தடுமாறுவதை ஓரளவு குறைத்திருக்கின்றன. பின்னால் உட்காருபவருக்கு அதனால் பெரிய லாபம் இல்லை.

சரி, சேத்தக்.

1972-இல் வந்த வண்டி. என் அப்பா வாங்கியது 145 சிசி டூ ஸ்ட்ரோக். பெட்ரோலோடு ஆயில் கலக்க வேண்டும், லிட்டருக்கு இருபது மில்லி. பங்கில் ஆயில் கலந்தே தருவதற்கென்று தனி மெஷின் இருந்த காலம் அது. இன்ஜின் வலது பக்கம் தொங்கும், அதனால் வண்டி எப்போதும் அந்தப் பக்கம் லேசாகச் சாயப் பார்க்கும். காலையில் கிளம்பாவிட்டால் இடது பக்கம் ஒருமுறை சாய்த்து நிமிர்த்திவிட்டு உதைப்பது எங்கள் வீட்டுச் சடங்கு. அதன் அருமை ஸ்டெப்னியில். முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே அளவு, ஒரு பக்கம் மட்டும் தாங்கப்பட்டவை. பஞ்சரானால் நட்டுகளைக் கழற்றிக் காரில் மாற்றுவது போல மாற்றிக்கொண்டு பதினைந்து நிமிடத்தில் கிளம்பிவிடலாம். நாலு பேர் குடும்பத்தையும் ஒரு மூட்டை அரிசியையும் சேர்த்து அது இழுத்ததை நானே பார்த்திருக்கிறேன். அப்படிப் போகச் சொல்லவில்லை.

இப்போது அதன் இடது கையைக் கவனியுங்கள். நாலு கியர். முதல் கியருக்குக் கைப்பிடியைத் திருப்பும்போது கிளட்ச் லீவர் மேல்நோக்கி எழும். இரண்டு, மூன்று, நான்கு என்று போகப் போகக் கீழே இறங்கும். அதாவது நாலாவது கியரில் மணிக்கட்டு இயல்பாக இருக்கும், முதல் கியரில் பின்னோக்கி மடங்கியிருக்கும். அந்த மடங்கிய நிலையில்தான் கிளட்சை இழுத்துப் பிடித்து ஆஃப் கிளட்சில் நகர வேண்டும். நெரிசலில் எந்தக் கியரில் அதிகம் ஓட்டுவோம்? முதல் கியரில்தான். வண்டியை உருவாக்கியவர்கள் மனதில் இருந்தது காலியான தெருக்கள். இன்றைய ரேடியல் ரோடு அவர்களுக்குத் தெரியாது. ஒரு நாளைக்கு 250 தடவை இப்படி மணிக்கட்டைத் திருப்பினால் மூன்றே மாதத்தில் அவன் எலும்பு டாக்டரைத் தேடுவான்.

வண்டிக்கும் அதே வலி உண்டு. கிளட்சுக்கு ஒரு கேபிள், கியருக்கு இரண்டு கேபிள், எல்லாம் ஹேண்டில்பாருக்குள் நுழைந்து உடம்பு வழியாக இன்ஜினுக்குப் போகும். நூல் நூலாகப் பிரிந்து ஒருநாள் அறுந்துபோகும். அப்பா எப்போதும் டிக்கியில் ஒரு கிளட்ச் கேபிள் வைத்திருப்பார். அப்புறம் இரண்டாவது கியரில் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் வேகமாகத் திருகினால் கியர் நழுவி, வண்டி உறுமிக்கொண்டு நிற்கும். கேபிள் தொய்ந்திருந்தால் சரிசெய்துவிடலாம். உள்ளே கியரைப் பிடிக்கும் துண்டு தேய்ந்திருந்தால் இன்ஜினைப் பிரிக்க வேண்டும். பழைய கியர் ஸ்கூட்டர் வாங்குகிறவர்கள் முதலில் செய்ய வேண்டிய சோதனையும் இதுதான். இரண்டாவது கியரில் ஏற்றத்தில் திருகிப் பாருங்கள். நழுவினால் விலையைக் குறையுங்கள், அல்லது நடையைக் கட்டுங்கள்.

புதிதாக வாங்கலாமே என்றால், வழியில்லை. 2009-இல் பஜாஜ் ஸ்கூட்டர் தயாரிப்பையே நிறுத்துவதாக அறிவித்தது. பத்து வருடம் கழித்து அதே சேத்தக் என்ற பெயரில் திரும்பி வந்தது பேட்டரி ஸ்கூட்டர், அதில் கியரும் இல்லை, புகையும் இல்லை. ஆக, கியர் ஸ்கூட்டர் என்றால் நம் நாட்டில் இன்று பழைய வண்டிதான். சென்னையில் புதுப்பேட்டையில் தேடினால் உதிரிப் பாகம் கிடைக்கும், அதைச் சரியாகப் பொருத்தத் தெரிந்த மெக்கானிக்குகளுக்குத்தான் வயதாகிவிட்டது. இதற்கெல்லாம் மேலே ஒரு சட்டச் சிக்கல். சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு பதினைந்து வருடத்துக்குத்தான் செல்லும். அதன் பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, தகுதிச் சான்று பெற்று, பசுமை வரி கட்டிப் புதுப்பிக்க வேண்டும். அப்படிப் புதுப்பித்தாலும் ஐந்தைந்து வருடமாகத்தான் கிடைக்கும். அப்பா 1996-இல் வாங்கிய வண்டியின் ஆர்.சி. 2011-லேயே முடிந்துபோயிருந்தது. அந்த நிலையில் ரோட்டில் எடுத்துப் போய் ஏதாவது நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பதே அந்தக் காகிதத்தைத்தான்.

இவ்வளவு சொன்ன பிறகும் அவன் முகம் வாடவில்லை. "அப்ப பைக்கா, ஸ்கூட்டரா?" என்றான்.

நான் அவன் மனைவி பக்கம் திரும்பினேன். அவள் குரோம்பேட்டையில் ஒரு நிதி நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். "வண்டியை நீயும் எடுப்பியாம்மா?"

"சனிக்கிழமை இவருக்கு லீவு, எனக்கு இல்ல மாமா. அன்னிக்கு நான்தான் எடுப்பேன்."

"லைசென்ஸ் இருக்கா?"

இருந்தது. வாங்கிப் பார்த்தேன். கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் கொடுத்த உரிமம். பலர் இதைக் கவனிப்பதே இல்லை. டூவீலர் லைசென்ஸ் என்று ஒன்றே ஒன்று இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். கியர் இல்லாத ஸ்கூட்டரில் தேர்வு கொடுத்து வாங்கியதை வைத்துப் பைக் ஓட்டினால், அது உரிமமே இல்லாமல் ஓட்டியதற்குச் சமம். சேத்தக்கும் இந்தக் கணக்கில் கியர் வண்டிதான். பெயரில் ஸ்கூட்டர் என்று இருப்பதால் தப்பிக்க முடியாது. கியர் உள்ள வண்டிக்குத் தேர்வு கொடுத்தவர்கள் மட்டும் மூன்றையும் ஓட்டலாம்.

காகிதத்தை விட எனக்குப் பயம் கொடுப்பது வேறு. ஒரே வீட்டில் ஸ்கூட்டரும் பைக்கும் இருந்து, இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டுகிறவர்களின் இடது கை குழம்பும். ஐந்து வருடம் ஸ்கூட்டர் ஓட்டிய கைக்கு, இடது லீவர் என்றால் பிரேக். குறுக்கே நாய் ஓடினால் மூளை யோசிப்பதற்கு முன் கை அதை இழுத்துவிடும். அந்த நேரம் அவள் பைக்கில் இருந்தால் என்ன ஆகும்? இழுத்தது கிளட்ச். வண்டி நிற்காது. அது மட்டுமில்லை, ஆக்ஸிலேட்டரை விட்டதும் இன்ஜின் தானே வண்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்த பிடியும் அறுந்துபோய், வண்டி முன்னைவிடத் தாராளமாக உருளும். பைக்கில் பின் பிரேக் வலது காலில் இருக்கிறது, ஆனால் அந்த அரை நொடியில் காலுக்கு அது ஞாபகம் வராது. இதே குழப்பம் பைக்கிலிருந்து ஸ்கூட்டருக்கு வருபவருக்கும் உண்டு. நகரும்போது கிளட்ச் என்று நினைத்து இடது லீவரை முழுதாகப் பிடித்தால் பின் சக்கரம் சட்டென்று பூட்டிக்கொள்ளும். 2019-க்குப் பிறகு வந்த 125 சிசி வரையிலான வண்டிகளில் பின் பிரேக்கைப் பிடித்தால் முன் பிரேக்கும் கொஞ்சம் சேர்ந்து பிடிக்கும்படி கட்டாயமாக்கிவிட்டார்கள். இடது கைக்குப் பழகிய ஸ்கூட்டர்காரர்களுக்கு அது பெரிய உதவி. தவறான லீவரை இழுத்தவரை அது காப்பாற்றாது.

ஆகவே, ஒரு வண்டியை இரண்டு பேர் ஓட்டப்போகிறார்கள் என்றால் இருவருக்கும் பழகியது எதுவோ அதையே வாங்குவது நல்லது. அவன் கல்லூரி நாளில் நண்பர்களின் பைக்கை ஓட்டியதோடு சரி, அவள் ஐந்து வருடமாக அண்ணன் வீட்டு ஸ்கூட்டர் ஓட்டுகிறாள். பழகிய கை அவளுடையது.

பின்னால் உட்காருவதைப் பற்றியும் அவளே பேசினாள். சேலை கட்டிய நாளில் ஒரு பக்கமாக உட்கார வேண்டும். பைக்கில் சேலைத் தடுப்பு இருக்கத்தான் செய்கிறது. பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பும், கால் வைக்க இடமும், பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதியே சொல்கிறது. ஆனாலும் பெரிய சக்கரம், உயரமான சீட். முந்தானையை எப்போதும் கையிலேயே பிடித்திருக்க வேண்டும். ஸ்கூட்டரில் சக்கரம் உடம்புக்குள் மறைந்திருக்கிறது. காலடித் தட்டில் தண்ணீர் கேன் வைக்கலாம், கேஸ் சிலிண்டர் கூட வைக்கலாம் என்று அவளாகவே சேர்த்துக்கொண்டாள். பைக் பக்கம் நின்று வாதாட அவனுக்கு ஒன்றும் மிச்சமில்லை.

நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். ஷோரூம்காரர்கள் கடை வாசலில் நூறு மீட்டர் ஓட்டிப் பார்க்கச் சொல்வார்கள், அதில் ஒன்றுமே தெரியாது. நண்பரிடம் அதே மாடலை இரவல் வாங்கி, காலை ஒன்பது மணிக்கு அலுவலகம் வரை போய்வர வேண்டும். இரண்டாவது, அவன் அலுவலக அடித்தள பார்க்கிங்கின் சரிவில், பின்னால் ஒருவரை உட்கார வைத்து, நடுவில் நின்று கிளம்ப வேண்டும். சரிவில் நிற்பது ஸ்கூட்டருக்குச் சுலபம். இடது கை பிரேக்கைப் பிடித்திருக்க, வலது கை மெதுவாகத் திருகலாம். ஆனால் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே ரொம்ப நேரம் திருகினால் உள்ளே கிளட்ச் கட்டைகள் தேய்ந்து கருகல் வாசனை வரும். வாசனை வருகிறதா, தயங்காமல் ஏறுகிறதா என்று பார்த்து வரச் சொன்னேன். இருவர் எடையோடு அந்தச் சரிவில் தயங்கினால் 110-ஐ விட்டு 125 சிசிக்குப் போக வேண்டியதுதான்.

தயங்கியது. 125 வாங்கினார்கள்.

இரண்டாவது மாதத்தில் போன் செய்தான். லிட்டருக்கு 44 கொடுக்கிறதாம், கை வலி இல்லையாம், ஆனால் கோவிலம்பாக்கம் பள்ளங்கள் முதுகைப் பதம் பார்க்கின்றனவாம். எதிர்பார்த்ததுதான். பின் டயரில் காற்று கம்பெனி சொன்ன அளவைவிட அதிகமாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். இருந்தது. பங்கில் கேட்காமலே நாற்பது அடித்து அனுப்பியிருக்கிறார்கள். குறைத்த பிறகு பாதி வலி போய்விட்டது.

வண்டி வாங்கப் போகிறவர்கள் ஷோரூமுக்குக் கிளம்புமுன், வீட்டில் அந்த வண்டியைத் தொடப்போகும் எல்லோருடைய உரிமத்தையும் மேசைமேல் எடுத்து வைத்துப் பாருங்கள். அதில் கியர் இல்லாதது என்று ஒருவருக்கு மட்டும் இருந்தாலும், கியர் வண்டிதான் வேண்டும் என்றால், முதலில் அவரை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அனுப்புங்கள். ஷோரூமுக்கு அப்புறம் போகலாம்.